விடியற்காலை விற்பனையும் இரண்டு செயலிகளின் கணக்கும்

(வினா – விடை)

நம் சங்க அங்கத்தினர் ஒருவர், தறிக் கொட்டகைகள் நிறைந்த தெருவின் முனையில் சிறு கடை வைத்து நடத்துபவர், தம் கடைக் கணக்கில் நேர்ந்துள்ள ஒரு குழப்பத்தைக் குறித்து நமக்கு எழுதியுள்ளார். கடை வைத்திருக்கும் வேறு அங்கத்தினர்களுக்கும் இதே குழப்பம் நேரக்கூடும் என்பதால், அவர் கடிதத்தின் சாரத்தையும் நம் விடையையும் இங்கே வெளியிடுகிறோம். கடைக்காரர், சிப்பந்தி ஆகியோரின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். காரணம் படிக்கும்போது விளங்கும்.

வினா: என் கடையில் பால், தயிர், பூ, வெற்றிலை, காய்கறி, மளிகை ஆகியவை விற்கிறோம். விடியற்காலை நாலேகால் மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பது மணிக்கு அடைக்கிறோம். காலை ஏழு மணி வரையில் ஒரு பையன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு நான் வந்துவிடுகிறேன். கல்லாவின் பக்கத்திலுள்ள பலகைக் கணினியில் ஒரு செயலி வைத்துப் பில் போடுகிறோம். கணக்குக்காக என் கைத்தொலைபேசியில் வேறொரு செயலி உண்டு. கல்லாவில் போடும் ஒவ்வொரு பில்லும் இணையத்தின் வழியாகத் தானே அந்தச் செயலிக்கும் போய்ச் சேர்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு, முந்தைய நாளின் மொத்தத்தை இரண்டிலும் பார்க்கிறேன். இரண்டும் ஒத்திருப்பதே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வியாழக்கிழமைக்குரிய மொத்தம் கைத்தொலைபேசியில் ரூ. 16,760 என்றும், கல்லாவில் ரூ. 15,180 என்றும் இருந்தது. கல்லாவில் ரூ. 1,580 குறைவு. நான் இல்லாத நேரத்தில் கல்லாவைத் தொடுபவன் அந்தப் பையன் ஒருவனே. அவன் பில்களை அழித்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்கிறான் என்று ஐயுறுகிறேன். அவனை வேலையை விட்டு நிறுத்திவிடலாமா?

விடை: நிறுத்த வேண்டாம். தாங்கள் எழுதியுள்ள கணக்கிலேயே அவனுக்குச் சாதகமான சான்று அடங்கியிருக்கிறது. அது எவ்வாறு என்பதைப் பின்னர் காட்டுவோம்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாங்கள் வியாழக்கிழமைக் கணக்கை மட்டும் குறிப்பிட்டீர்கள். நாம் கேட்டதன்பேரில் அதன் முன்னும் பின்னுமுள்ள நாட்களின் பில் பட்டியல்களையும் அனுப்பினீர்கள். அவற்றைப் பார்த்தால், புதன்கிழமைக்குக் கைத்தொலைபேசி காட்டும் தொகை கல்லாவைவிட ரூ. 70 மட்டுமே கூடுதல். வெள்ளிக்கிழமைக்கோ நிலைமை தலைகீழாகிறது. கல்லா காட்டும் தொகை கைத்தொலைபேசியைவிட ரூ. 1,710 கூடுதல். பையன் பில்லை அழித்துப் பணம் எடுப்பது உண்மையாயின், கல்லாவின் தொகை எந்நாளும் குறைவாகவே இருத்தல் வேண்டும். ஒரு நாள் எடுத்து மறுநாள் அதைவிட அதிகமாகத் திரும்ப வைக்கும் திருடனை நாம் கண்டதில்லை. கூடுவதும் குறைவதுமாக மாறி வரும் வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும். விற்பனை காணாமற்போகவில்லை, ஒரு நாளின் விற்பனை அடுத்த நாளின் பெயரிலோ முந்தைய நாளின் பெயரிலோ எழுதப்பட்டிருக்கிறது.

வினா: ஒரே பில்லை இரண்டு செயலிகள் வெவ்வேறு நாட்களில் எழுதுவது எங்ஙனம்? பில்லில் தேதி அச்சாகியிருக்கிறதே.

விடை: நாள் என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதில் இரண்டு செயலிகளும் ஒத்துப்போகவில்லை. இதுவே முழுக் காரணம்.

கல்லாவிலுள்ள செயலி தங்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நாளைக் கணக்கிடுகிறது. அதற்கு நாள் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடிகிறது. கைத்தொலைபேசிச் செயலியின் கணக்கோ தங்கள் கைத்தொலைபேசியில் நடப்பதன்று. அது அச்செயலியை நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறியில் எங்கோ நடக்கிறது. அத்தகைய கணிப்பொறிகள் பல நாட்டுக் கணக்குகளை ஒருங்கே வைத்திருப்பவை. ஆதலால் நேரங்களையெல்லாம் உலகப் பொது நேரத்தில் எழுதி வைப்பது அவற்றின் வழக்கம். அந்த நேரம் இங்கிலாந்திலுள்ள கிரீனிச் தீர்க்கரேகையை ஒட்டியது. நம் நாட்டின் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. இங்கே விடியற்காலை ஐந்தரை ஆகும்போதுதான் அந்தக் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டு ஆகிறது. எனவே, அந்தச் செயலியின் ‘வியாழக்கிழமை’ நம் வியாழன் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி, வெள்ளி விடியற்காலை ஐந்தரைக்கு முடிகிறது.

ஐந்தரை என்ற இந்த எண் எவ்வாறு வந்தது என்று சிலர் கேட்கலாம். பூமி ஒரு மணி நேரத்தில் பதினைந்து பாகை சுழல்கிறது. இந்திய நேரத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது கிழக்கே எண்பத்திரண்டரைப் பாகையிலுள்ள தீர்க்கரேகை. அதனைப் பதினைந்தால் வகுத்தால் ஐந்தரை வரும். 1906 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்த நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இரயில்வேக்களில் வழங்கிய சென்னை நேரம் இன்றைய நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பிந்தியிருந்தது. ஒரே ஊரில் இரண்டு நேரக் கணக்கு வைத்துக்கொண்டு அல்லற்படுவது நம் முன்னோருக்குப் புதிதன்று.

பெரும்பாலான கடைகளில் இந்த வேறுபாடு வெளியே தெரிவதே இல்லை. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடும் துணிக்கடையில், நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் இடையே ஒரு பில்லும் விழுவதில்லை. கோட்டை எங்கே கிழித்தாலும் அங்கே ஒன்றும் இல்லாததால் இரண்டு மொத்தங்களும் ஒத்திருக்கும். விடியற்காலையில் விற்கும் பால் கடை, பூக்கடை, தேநீர்க் கடை, காய்கறி மண்டி ஆகியவற்றில்தான் அந்தக் கோடு விற்பனையின் நடுவே விழுகிறது. அச்செயலியைச் செய்தவர்கள் பகலில் திறக்கும் கடைகளில் மட்டும் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது.

வினா: அப்படியானால் வேறுபாடு ஒவ்வொரு நாளும் ஒரே அளவாக இருக்க வேண்டாமா? ஒரு நாள் எழுபது ரூபாய், மறுநாள் ஆயிரத்துக்கு மேல் என்று வருவது ஏன்?

விடை: இந்தக் கேள்வி நல்ல கேள்வி. இதைச் சரியாக விளங்கிக்கொண்டால் மற்றவை எளிது. தங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளின் விற்பனையையும் ஐந்தரை மணிக்கு முன், ஐந்தரை மணிக்குப் பின் என இரண்டாகப் பிரித்தோம்.

புதன்: முன் ரூ. 1,240, பின் ரூ. 14,360.
வியாழன்: முன் ரூ. 1,310, பின் ரூ. 13,870.
வெள்ளி: முன் ரூ. 2,890, பின் ரூ. 17,450.
சனி: முன் ரூ. 1,180.

கல்லாச் செயலி ஒரே நாளின் இரண்டு பகுதிகளையும் கூட்டுகிறது. வியாழனுக்கு 1,310-உம் 13,870-உம் சேர்ந்து ரூ. 15,180 ஆகிறது. இது தாங்கள் எழுதிய தொகையே. கைத்தொலைபேசிச் செயலியோ வியாழனின் ‘பின்’ பகுதியையும் வெள்ளியின் ‘முன்’ பகுதியையும் சேர்க்கிறது. 13,870-உம் 2,890-உம் சேர்ந்து ரூ. 16,760 ஆகிறது. இதுவும் தாங்கள் எழுதிய தொகையே. ஒரு ரூபாயும் மிச்சமோ குறைவோ இல்லை.

இப்போது வேறுபாடு எதனால் ஆனது என்று பாருங்கள். கைத்தொலைபேசிச் செயலி வியாழனின் விடியற்காலை விற்பனையை நழுவவிட்டு, வெள்ளியின் விடியற்காலை விற்பனையை எடுத்துக்கொள்கிறது. ஆகவே வேறுபாடு என்பது அடுத்தடுத்த இரண்டு விடியற்காலைகளின் விற்பனைக்கு இடையேயுள்ள வித்தியாசமே. விடியற்காலை விற்பனை முழுவதும் அதில் காணப்படுவதில்லை. புதனும் வியாழனும் சாதாரண நாட்கள். 1,240-க்கும் 1,310-க்கும் இடையே எழுபது ரூபாய்தான். வெள்ளிக்கிழமை விடியலில் பூவும் வெற்றிலையும் கற்பூரமும் வாங்குவோர் கூட்டம் அதிகம். அதனால் வியாழனுக்குரிய மொத்தம் கைத்தொலைபேசியில் 1,580 கூடிவிடுகிறது. சனியன்று கூட்டம் தணிந்துவிடுகிறது. அதனால் வெள்ளிக்குரிய மொத்தம் அதில் 17,450-உம் 1,180-உம் சேர்ந்து ரூ. 18,630 ஆக நிற்க, கல்லாவில் ரூ. 20,340 இருக்கிறது.

விடியற்காலை விற்பனை நாள்தோறும் சீராக நடக்கும் கடையில் வேறுபாடு ஐம்பது, நூறு என்ற அளவில் வந்துகொண்டிருக்கும். அதைச் சில்லறைப் பிசகு என்று கடைக்காரர் ஒதுக்கிவிடுவார். அமாவாசை, பண்டிகை, முகூர்த்த நாள் வரும்போது அது திடீரெனப் பெருகும். அந்நாட்களில் கடையில் பணமும் அதிகமாகப் புழங்குவதால் ஐயமும் அப்போதே எழுகிறது.

இன்னொன்றையும் பார்க்கலாம். புதன் முதல் வெள்ளி வரையில் மூன்று நாட்களையும் சேர்த்துக் கூட்டினால் கல்லாவில் ரூ. 51,120, கைத்தொலைபேசியில் ரூ. 51,060. மூன்று நாட்களுக்கும் சேர்த்து வேறுபாடு அறுபது ரூபாய் மட்டுமே. அந்த அறுபதும், புதன் விடியலுக்கும் சனி விடியலுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் விலகும் தொகைகள் வாரத்துக்கோ மாதத்துக்கோ கூட்டும்போது நெருங்கி வருமாயின், காரணம் நாள் பிரிப்பில் இருக்கிறது என்று கொள்ளலாம். திருட்டோ பில் விடுபடுதலோ ஆனால், நாள் ஏற ஏற விலக்கமும் ஏறும்.

வினா: நான் அந்தக் கைத்தொலைபேசிச் செயலியில் ஒரு பில்லைத் தனியே திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை 4.47 மணி என்று சரியாகவே காட்டியது. தாங்கள் சொல்வது சரியானால் அது வியாழன் என்றல்லவா காட்டியிருக்க வேண்டும்?

விடை: பலரும் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். தனிப் பில்லைக் காட்டுவது தங்கள் கைத்தொலைபேசி. அதற்கு நம் நாட்டு நேரம் தெரியும். ஆகவே சேமித்து வைத்த நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடுகிறது. மொத்தம் போடுவது தூரத்திலுள்ள கணிப்பொறி. அது மாற்றாமலே கூட்டிவிடுகிறது. ஆதலால் ஒவ்வொரு பில்லிலும் தேதி சரி, மொத்தத்தில் மட்டும் தேதி தவறு என்ற விந்தை நேர்கிறது.

இதைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. அச்செயலியில் பில் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கும். அந்தக் கோப்பில் நேரம் பெரும்பாலும் மாற்றப்படாமல் சேமித்தபடியே வரும். தாங்கள் அனுப்பிய இரண்டு கோப்புகளிலும் 4,581 ஆம் எண் பில் பின்வருமாறு இருந்தது. முதல் வரி கல்லாச் செயலியுடையது. இரண்டாவது கைத்தொலைபேசிச் செயலியுடையது.

```
2025-06-13T04:47:00+05:30
2025-06-12T23:17:00Z
```

இரண்டும் ஒரே கணத்தைத்தான் குறிக்கின்றன. முதல் வரியின் இறுதியிலுள்ள `+05:30` என்பது, இது நம் நாட்டு நேரம் என்பதற்கு அடையாளம். இரண்டாவது வரியின் இறுதியிலுள்ள `Z` என்ற எழுத்து, இது உலகப் பொது நேரம் என்பதற்கு அடையாளம். 4.47-இலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் முந்தைய நாள் இரவு 11.17 ஆகிறது. தேதி 13 என்பது 12 ஆகிவிட்டது காண்க. மொத்தம் போடும் கணிப்பொறி அந்த வரியில் தேதியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, 12 ஆம் தேதியின் கணக்கில், அதாவது வியாழனில், சேர்த்துவிட்டது.

கோப்பு இறக்க வசதி இல்லாதவர்கள் பில் எண்ணைக் கொண்டு சோதிக்கலாம். இரண்டு செயலிகளிலும் ஒரு நாளைத் தேர்ந்து, அந்நாளில் சேர்த்துள்ள முதல் பில்லின் எண்ணையும் கடைசிப் பில்லின் எண்ணையும் பார்க்க வேண்டும். தங்கள் வியாழக்கிழமையில் கல்லாச் செயலி 4,412 முதல் 4,563 வரையுள்ள 152 பில்களைக் காட்டுகிறது. கைத்தொலைபேசிச் செயலி 4,431 முதல் 4,598 வரையுள்ள 168 பில்களைக் காட்டுகிறது. 4,430 ஆம் பில் ஐந்தரைக்குச் சற்று முன்னும், 4,431 ஆம் பில் ஐந்தரைக்குச் சற்றுப் பின்னும் போடப்பட்டவை. கோடு எங்கே விழுகிறது என்பது இதனால் ஐயமறத் தெரிகிறது. சோதனைக்காக ஒரு ரூபாய்க்குப் பொய்ப் பில் போட்டுப் பார்க்கும்படி சிலர் யோசனை கூறுவர். அது வேண்டாம். பொய்ப் பில்லைப் பின்னர் நீக்குவது மற்றொரு சிக்கலை உண்டாக்கும். ஐந்தரையை ஒட்டி உண்மையாகவே விழுந்த பில்கள் போதும்.

கோடு ஐந்தரையில் இல்லாமல் நண்பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரையில் விழுவதும் உண்டு. அப்போது செயலியில் அமெரிக்காவின் மேற்குக் கரை நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் கோடும் ஒரு மணி நேரம் நகரும். உலகப் பொது நேரத்துக்கு அத்தகைய மாற்றம் இல்லை. ஐந்தரைக் கோடு ஆண்டு முழுவதும் அசையாது.

வினா: பையன் பில்லை அழிக்கவில்லை என்று இதனால் உறுதியாகுமா?

விடை: அழிக்கவில்லை என்பதற்கு நேரான சான்று பில் எண்களின் வரிசையே. தங்கள் கல்லாச் செயலி பில் எண்களைத் தொடர்ச்சியாக இடுகிறது. ஒரு பில்லை அழித்தால் அந்த எண் விடுபட்டு இடைவெளி தோன்றும். அல்லது ரத்து என்ற குறிப்புடன் நிற்கும். நாம் 4,412 முதல் 4,598 வரை ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தோம். இடைவெளியும் இல்லை, ரத்தும் இல்லை. இரண்டு செயலிகளிலும் ஒவ்வொரு பில்லின் தொகையும் ஒத்திருக்கிறது. தாங்கள் ஐயுற்ற ரூ. 1,580 எங்கும் போகவில்லை. அது வெள்ளி விடியலில் அதே பையன் கூட்டத்தைச் சமாளித்து விற்றுக் கல்லாவில் போட்ட பணத்தின் ஒரு பகுதி. அவன் நன்றாக வியாபாரம் செய்த நாளில்தான் அவன்மேல் ஐயம் பிறந்திருக்கிறது.

இங்கே கணக்குப் பரிசோதனை செய்வோர் அறிந்த ஒன்றையும் கூறிவிடுகிறோம். கல்லாவில் கை வைப்பவன் பெரும்பாலும் பில் போட்டுவிட்டு அழிப்பதில்லை, பில்லே போடுவதில்லை. போடாத பில் இரண்டு செயலிகளிலும் இராது. ஆதலால் இரண்டும் மிகச் சரியாக ஒத்திருக்கும். அந்த வகைக் குறைவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சரக்கு இருப்பைத்தான் எண்ண வேண்டும். விடியலில் எத்தனைப் பால் உறைகள் வந்தன, ஏழு மணிக்கு எத்தனை மிஞ்சின, இடையில் எத்தனைக்குப் பில் விழுந்தது என்று ஒப்பிட வேண்டும். இரண்டு செயலிகளின் மொத்தங்களை ஒப்பிடுவது சிப்பந்தியின் நாணயத்தைச் சோதிக்கும் கருவியாகாது.

வினா: இதைச் சரி செய்வது எவ்வாறு?

விடை: கைத்தொலைபேசிச் செயலியின் அமைப்புப் பக்கத்தில் `Time zone` என்றொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் `UTC` என்றோ `GMT` என்றோ இருந்தால், `Asia/Kolkata` என்று மாற்ற வேண்டும். பட்டியலில் சென்னை என்று தேடிக் காணாது திகைக்க வேண்டாம்; நாடு முழுவதுக்கும் ஒரே நேரமாதலால் கல்கத்தாவின் பெயரே பொதுப் பெயராக நிற்கிறது. சில செயலிகளில் நாள் தொடங்கும் மணியைத் தனியே குறிக்கும் வசதியும் உண்டு. இரவு ஒரு மணி வரை நடக்கும் உணவு விடுதிகளுக்காக ஏற்பட்டது அது. தங்கள் கடைக்கு அதில் நள்ளிரவு என்றே இருக்கட்டும். அதில் ஐந்து மணி என்று வைத்திருந்தாலும் இதே வகைக் குழப்பம் நேரும். கோடு மட்டும் வேறிடத்தில் விழும்.

மாற்றிய தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சில செயலிகள் பழைய நாட்களையும் புதிய கோட்டின்படி திருத்திக் கூட்டிவிடும். வேறு சில, பழையதை அப்படியே விட்டு மாற்றிய நாள் முதல் மட்டும் சரியாகக் கூட்டும். எது என்பதை அறிய, மேலே கண்ட வியாழக்கிழமையின் மொத்தத்தை மாற்றிய பிறகு மீண்டும் எடுத்துப் பாருங்கள். ரூ. 15,180 என்று வந்தால் பழையதும் திருந்திவிட்டது. கைத்தொலைபேசியின் கடிகாரத்தை மட்டும் தொடாதீர்கள். அதை மாற்றினால் மொத்தம் திருந்தாது. தனிப் பில்லில் காட்டும் நேரமும் கெடும்.

அமைப்புப் பக்கத்தில் அத்தகைய வரியே இல்லையெனில் குறை செயலியினுடையது. அதை விற்றவருக்கு எழுத வேண்டும். ‘மொத்தம் தவறாக வருகிறது’ என்று மட்டும் எழுதினால், கடைக்காரரின் கைப்பிழை என்று தள்ளிவிடுவார்கள். 4,581 ஆம் பில்லின் இரண்டு வரிகளையும் அனுப்பி, ‘நாள் மொத்தம் இந்திய நேரப்படி கூட்டப்படவில்லை’ என்று எழுதினால் தட்டிக் கழிக்க இயலாது.

வினா: பக்கத்துத் தெருக் கடைக்காரரும் இரண்டு செயலிகள் வைத்திருக்கிறார். அவர் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கிறார். அவருக்கும் மொத்தம் ஒத்துவருவதில்லையாமே?

விடை: அவருக்குக் காரணம் வேறாக இருத்தல் வேண்டும். பெரும்பாலும் இணையத் தொடர்பு அறுந்துபோவதே காரணமாயிருக்கும். இரவு எட்டரைக்குத் தொடர்பு அறுந்துவிட்டால், அதற்குப் பின் போட்ட பில்கள் கல்லாவிலேயே தங்கி, மறுநாள் தொடர்பு கிடைத்ததும் போய்ச் சேரும். பில் போட்ட நேரத்தைக் கொண்டு கணக்கிடும் செயலி அவற்றை முந்தைய நாளிலேயே சேர்க்கும். வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடும் செயலி மறுநாளில் சேர்த்துவிடும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஐந்தரைக் கோடு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் விழும். தொடர்பு அறுந்ததால் வரும் வேறுபாடு சில நாட்களில் மட்டும் தோன்றும். இடம் மாறிய பில்களும் முந்தைய இரவின் கடைசிப் பில்களாக இருக்கும். வேறுபாடு எப்போதும் சில ரூபாய்க்குள் இருந்தால், ஒரு செயலி பில் தொகையை முழு ரூபாயாக்குகிறது, மற்றது பைசாவோடு கூட்டுகிறது என்று கொள்ளலாம்.

வினா: செயலியைத் திருத்தும் வரையில் எந்தத் தொகையைக் கணக்கில் எழுதுவது?

விடை: கல்லாச் செயலியின் தொகையை. வாடிக்கையாளர் கையிலுள்ள பில்லில் அச்சாகியிருக்கும் தேதியும், கல்லாவில் எண்ணும் பணமும் அதனோடுதான் பொருந்தும். வங்கிக் கணக்கில் வரும் தொகைகளும் நம் நாட்டுத் தேதியிலேயே பதிவாகின்றன.

சரக்கு சேவை வரியில் பதிவு செய்திருப்பவர்களுக்கு இது மேலும் முக்கியம். இருநூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், பதிவு பெறாத வாடிக்கையாளர் பில் கேளாவிடில், தனித்தனிப் பில் தராமல் அந்த நாளின் முடிவில் மொத்தமாக ஒரே பில் எழுதிக்கொள்ள அந்தச் சட்டம் இடம் தருகிறது. ‘நாளின் முடிவு’ ஐந்தரை மணிக்கு விழும் செயலியைக் கொண்டு அந்த மொத்தப் பில்லை எழுதினால், ஒவ்வொரு நாளின் பில்லிலும் அடுத்த நாளின் விற்பனை கலந்துவிடும். மாதக் கடைசியிலும் அவ்வாறே. மார்ச் 31 ஆம் தேதிக் கணக்கில் ஏப்ரல் முதல் நாள் விடியற்காலைப் பில்கள் நுழைந்துவிட்டால், தொகை சிறிதாயினும் புதிய ஆண்டின் பில்கள் பழைய ஆண்டில் நிற்கும். தங்கள் கடையில் சென்ற மார்ச்சுக் கணக்கை எந்தச் செயலியிலிருந்து எடுத்துக் கணக்கரிடம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். கைத்தொலைபேசியிலிருந்து எடுத்திருந்தால், ஏப்ரல் முதல் நாள் நாலேகால் முதல் ஐந்தரை வரை விழுந்த பில்களின் பட்டியலை மட்டும் கல்லாச் செயலியிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். அதே கணக்கின் மறுமுனையில், முந்தைய ஏப்ரல் முதல் நாள் விடியற்காலைப் பில்கள் விடுபட்டிருக்கும். அந்தப் பட்டியலும் வேண்டும்.